தீபாவளிக்கு ஊருக்கு என்ன அனுப்பலாம்? வெளிநாட்டு நெல்லைக்காரர்களுக்கான குறிப்பு

2026 தீபாவளி நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை. அன்று வங்கி திறக்காது, கூரியரையும் நம்ப முடியாது. ஆகவே உங்கள் கணக்கில் கடைசி நாள் நவம்பர் 6, வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். துபாய், சிங்கப்பூர், நியூ ஜெர்சி என்று எங்கிருந்தோ அம்பாசமுத்திரத்துக்கும் வள்ளியூருக்கும் பரிசு அனுப்ப நினைப்பவர்களுக்காகப் பாளையங்கோட்டையிலிருந்து இதை எழுதுகிறேன். நான் சொல்ல வருவது இதுதான்: அங்கிருந்து பெட்டி கட்டாதீர்கள். பணத்தை அனுப்பி, ஊர்ப் பொருளை ஊரிலேயே வாங்கிக் கொடுங்கள்.

காரணம் சுங்கவரி. 5,000 ரூபாய்வரை பரிசுக்கு வரி இல்லை என்று இன்னமும் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சலுகை 2019 டிசம்பரிலேயே போய்விட்டது. தபாலிலோ கூரியரிலோ பரிசு என்ற பெயரில் வரியில்லாமல் வர இப்போது ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும்தான் வழி உண்டு. மற்றதெல்லாம் முழு வரி கட்டித்தான் உள்ளே வரும். அந்த வரியைப் பெரும்பாலும் கட்டப்போவது வாசலில் நிற்கும் உங்கள் அப்பா. அதற்கு முன்பு கூரியர் நிறுவனம் அவரிடம் அடையாள ஆவணம் கேட்கும். எழுபது வயதில் ஆதார் அட்டையைப் படம் பிடித்து இணையத்தில் ஏற்றச் சொன்னால், பரிசின் மகிழ்ச்சியில் பாதி அங்கேயே கரைந்துவிடும்.

வாசனைத் திரவியம், லித்தியம் பேட்டரி உள்ள பவர் பேங்க் போன்றவற்றைச் சாதாரண விமானப் பார்சலில் அனுப்பவும் தடை உண்டு. பேரீச்சம்பழம், பாதாம், கோடாலித் தைலம் இவற்றுக்கு ஆசைப்படுகிறார்கள் என்றால், அக்டோபரில் ஊருக்கு வரும் நண்பரின் பெட்டியில் ஒரு மூலை கேளுங்கள். திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ இறங்குபவர் என்றால் நல்லது. கேட்கும்போதே எடையையும் சொல்லிவிடுங்கள். விமான நிலைய வாசலில் நீட்டப்படும் இரண்டு கிலோப் பையைப்போல நட்பைச் சோதிப்பது வேறொன்றும் இல்லை.

சரி, ஊரில் என்ன வாங்கலாம்?

என் முதல் தேர்வு பத்தமடைப் பாய். புவிசார் குறியீடு பெற்ற பொருள். கோரையை வெட்டி, காயவைத்து, தாமிரபரணித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய நாராகக் கிழித்து நெய்கிறார்கள். சாதாரணப் பாய்க்கும் பட்டுப் பாய்க்கும் உள்ள வேறுபாடு அந்தக் கிழிப்பில்தான் இருக்கிறது. நார் மெலிய மெலியப் பாய் துணிபோல மடங்கும்; நெய்யும் நாளும் கூடும், விலையும் ஏறும். கல்யாணப் பாயில் மணமக்களின் பெயரை நெய்து தருவது அந்த ஊர் வழக்கம். வீட்டில் தலைத் தீபாவளி கொண்டாடும் தங்கை இருந்தால் இதைவிடப் பொருத்தமான சீர் எனக்குத் தெரியவில்லை. ஆனால் பெயர் போட்ட பட்டுப் பாயை அக்டோபரில் கேட்டால் கிடைக்காது. செப்டம்பர் முதல் வாரத்துக்குள் சொல்லி, முன்பணம் கொடுத்துவிடவேண்டும். பெயரின் எழுத்துகளை வாட்ஸ்அப்பில் தட்டச்சு செய்தே அனுப்புங்கள், தொலைபேசியில் சொல்லவேண்டாம். 'ன'வும் 'ண'வும் மாறினால் பிரித்து நெய்யமுடியாது. சாதாரணப் பாய்க்கு ஆயிரம் ரூபாயை ஒட்டி ஒதுக்குங்கள். பட்டுப் பாய்க்குச் சில ஆயிரங்கள் ஆகும். பேரம் பேசாதீர்கள், அதை நெய்பவர்களில் பெரும்பாலோர் வீட்டிலிருந்தே வேலை செய்யும் பெண்கள்.

அடுத்தது உடன்குடிக் கருப்பட்டி. இதற்கும் புவிசார் குறியீடு உண்டு. பதநீர் இறங்குவது கோடையில் என்பதால் தீபாவளிக்குக் கிடைப்பது சேமித்துவைத்த சரக்குதான்; அதில் குறையில்லை, நன்றாகக் காய்ந்திருந்தால் போதும். குறை கலப்படத்தில்தான். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளம். விலை மிகக் குறைவாக இருந்தால் கேள்வி கேட்காமல் விலகிவிடுங்கள். ஆச்சிக்குச் சுக்குக் கருப்பட்டி, குழந்தைகளுக்குச் சில்லுக் கருப்பட்டி, கூடவே கோவில்பட்டிக் கடலைமிட்டாய். இந்தக் கூட்டு 1,500 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆச்சிக்குச் சர்க்கரை நோய் இருந்தால் கருப்பட்டி மட்டும் பரவாயில்லை என்று நினைக்கவேண்டாம். அதுவும் இனிப்புதான்.

அம்மாவுக்கும் மதினிக்கும் சேலை என்றால் வீரவநல்லூர்ச் செடிபுட்டாவைப் பாருங்கள். உடல் முழுவதும் சிறு செடியும் பூவுமாக நெய்த கைத்தறிச் சேலை. காஞ்சிபுரத்துக்குக் கொடுக்கும் பணத்தில் சிறு பங்குதான் ஆகும். நிறத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காதீர்கள். வீடியோ அழைப்பில் கடைக்காரர் விரித்துக் காட்ட, அம்மாவே சொல்லட்டும். வியப்பு போய்விடும், ஆனால் சேலை அலமாரியில் தூங்காது.

அல்வாவைப் பற்றிக் கேட்பீர்கள். டவுனில் இருக்கும் பெற்றோருக்குத் திருநெல்வேலிக்கே அல்வாவா? அதைச் சென்னையிலோ மும்பையிலோ இருக்கும் அத்தைக்கு அனுப்பச் சொல்லுங்கள். அங்கே அதற்கு மதிப்பு. தீபாவளி வாரத்தில் நெல்லையப்பர் கோயிலைச் சுற்றி வரிசை நீளும், பார்சல் பிரிவு திணறும். அக்டோபர் இறுதிக்குள் அனுப்பிவிட்டால் பண்டிகைவரை கெடாது.

பட்டாசு: பணம் மட்டும் கொடுங்கள். இணையத்தில் பட்டாசு விற்க உச்ச நீதிமன்றம் 2018-இல் தடை விதித்தது. கூரியரில் அனுப்புவதும் குற்றம். 'சிவகாசி நேரடி விற்பனை' என்று வரும் விளம்பரங்களில் முன்பணம் கட்டி ஏமாறுபவர்கள் ஆண்டுதோறும் இருக்கிறார்கள். உரிமம் உள்ள கடையில் தம்பியே போய் வாங்கிக்கொள்ளட்டும்.

மொத்தத்தில் 5,000 ரூபாய் இருந்தால் ஒரு சாதாரணப் பாய், கருப்பட்டிக் கூட்டு, மீதி பட்டாசுக்கு. 15,000 இருந்தால் பட்டுப் பாய், இரண்டு சேலை. 2,000தான் முடியும் என்றால் கூச்சப்படாமல் கருப்பட்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐந்து வீட்டுக்குப் பிரித்து எதுவும் இல்லாமல் ஆக்குவதைவிட அது மேல்.

பணம் அனுப்புவதில் பெரிய சிக்கல் இல்லை. பெற்றோர், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினருக்கு அன்பளிப்பாக அனுப்பும் தொகைக்கு அவர்கள் இந்தியாவில் வருமான வரி கட்டவேண்டியதில்லை. அமீரகம், சிங்கப்பூர், அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளின் கைபேசி எண்ணையே என்ஆர்இ கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம். பாய் நெய்பவருக்கு நேரடியாகப் பணம் போகும். முதல் முறை இணைக்கும்போது சற்று இழுக்கும், ஆகவே செப்டம்பரிலேயே ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்துவிடுங்கள்.

தேதி விஷயத்தில் மழையை மறக்கவேண்டாம். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டி, திருநெல்வேலியும் தூத்துக்குடியும் நீரில் நின்றதை மறந்திருக்கமாட்டீர்கள். அதுபோல ஆகாவிட்டாலும், இரண்டு நாள் மழைக்கே கிராமத்துப் பார்சல் கிடங்கில் தங்கிவிடும். பாயையும் கருப்பட்டியையும் அக்டோபர் 25-க்குள் வீடு சேரும்படி சொல்லுங்கள். ஈரம் பட்டால் பாயில் பூஞ்சை பிடிக்கும், கருப்பட்டி கசியும். முகவரியில் தெருப் பெயரோடு 'பிள்ளையார் கோயில் எதிரில்' என்ற அடையாளமும், பகலில் எடுக்கக்கூடிய ஒருவரின் எண்ணும் இருக்கட்டும். அப்பா மதியம் தூங்கினால் எதிர்வீட்டு அக்காவின் எண்ணைக் கொடுங்கள்.

தீபாவளி முடிந்த கையோடு பொங்கலும் வந்துவிடும். மகளுக்குப் பொங்கல் படி கொடுக்கும் வீட்டார் பித்தளைப் பானைக்கு மார்கழி பிறக்கும் முன்பே சொல்லிவைக்கவேண்டும். கரும்பு, மஞ்சள்குலை, பனங்கிழங்கு ஆகியவற்றை முன்கூட்டி வாங்க வழியில்லை. போகிக்கு முந்தைய நாள் பாளையங்கோட்டைச் சந்தையில் யாராவது இறங்கித்தான் ஆகவேண்டும். அந்த யாராவது யார் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.