மாறாத பெயர், மாறிய கோப்பு

கவிதா எழுதிய ஸ்கிரிப்ட் மணிக்கொரு தரம் நகராட்சியின் டெண்டர் பக்கத்தைப் பார்க்கும். புதிய அறிவிப்பு வந்தால் சொல்லும். அதற்காகத்தான் எழுதினாள். பழைய கோப்புகள் மாறியிருக்கின்றனவா என்று அவற்றின் ஹாஷையும் ஒப்பிடும்படி வைத்தது சும்மா ஒரு பழக்கத்தில்.

இரவு பதினொன்றே முக்காலுக்கு போன் ஒலித்தது.

```
CHANGED: notice_14.pdf
```

தூய்மைப் பணியாளர் சீருடை தைக்கும் டெண்டர். அப்பாவும் தெருவில் இன்னும் நாலு டெய்லர்களும் சேர்ந்து போடவிருந்தது. அதே எண், அதே தேதி, அதே கடைசி நாள். திருத்த அறிவிப்பு எதுவும் பக்கத்தில் இல்லை. இரண்டு பிரதிகளிலிருந்தும் எழுத்தை மட்டும் எடுத்து diff போட்டு ஒப்பிட்டாள். ஒரே ஒரு வரிதான் கூடியிருந்தது.

அப்பா காஜா எடுத்துக்கொண்டிருந்தார். ஊசியை சட்டையிலேயே குத்திவிட்டு, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் படித்தார்.

"சொந்தமா மூணு கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மெஷின் இருக்கணுமாம்."

"ஆமாப்பா."

"அளவுப் பட்டியலைக் காட்டு." விரலை வைத்து ஒவ்வொன்றாகப் போனார். காலர், ரெண்டு பாக்கெட், முதுகில் பளபளக்கும் பட்டை. "இதுல எம்பிராய்டரி எங்கம்மா வருது? பேட்ஜ் கூட அவங்களே தர்றாங்கன்னு போட்டிருக்கு."

"நம்ம ஊர்ல யார்கிட்ட மூணு மெஷின் இருக்கு?"

அப்பா பதில் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டு பக்கம் தலையசைத்தார்.

டெண்டர் திறக்க ஆறு நாள் இருந்தது. கவிதா ஆணையருக்கு மின்னஞ்சல் எழுத ஆரம்பித்தாள்.

"மெயில் அப்புறம். முதல்ல ரெண்டு காப்பியையும் பிரிண்ட் எடு," என்றார் அப்பா. "காலையில நாலு பேரையும் கூட்டிக்கிட்டு நேர்லயே போவோம். ரசீது வாங்காம வரக் கூடாது."