குறிப்பாணை: வாய்மொழி வரலாற்றுத் திட்டத்தின் திருத்திய வரவுசெலவு

பெறுநர்: செயற்குழு உறுப்பினர்கள்
அனுப்புநர்: திட்ட ஒருங்கிணைப்பாளர்
நாள்: 12 ஜனவரி 2026

நவம்பரில் குழு ஒப்புதல் அளித்த 18,150 வெள்ளி, இருபது முதியவர்களின் குரலை மட்டும் பதிவு செய்வதற்கானது. டிசம்பர் கூட்டத்தில் இரண்டு மாற்றங்களை முடிவு செய்தோம்: நேர்காணல்கள் காணொளியாக எடுக்கப்படும், செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்த குடும்பங்களிலிருந்து மேலும் பத்துப் பேர் சேர்க்கப்படுவார்கள். அதற்கேற்பத் திருத்திய கணக்கு கீழே உள்ளது. எல்லாத் தொகைகளும் சிங்கப்பூர் வெள்ளியில், 9 விழுக்காடு பொருள் சேவை வரியையும் சேர்த்து.

| செலவினம் | முன்பு | இப்போது | வேறுபாடு |
|---|---|---|---|
| பதிவு | 6,000 | 13,500 | +7,500 |
| பேச்சை எழுத்தாக்குதல் | 2,400 | 3,600 | +1,200 |
| ஆங்கில வசனவரி | 0 | 2,700 | +2,700 |
| நூல் அச்சு | 4,500 | 2,400 | −2,100 |
| வெளியீட்டு விழா | 3,000 | 1,800 | −1,200 |
| போக்குவரத்து, சிற்றுண்டி | 600 | 900 | +300 |
| எதிர்பாராச் செலவு (10%) | 1,650 | 2,490 | +840 |
| மொத்தம் | 18,150 | 27,390 | +9,240 |

ஏற்றத்தின் பெரும்பகுதி பதிவுச் செலவில்தான். ஒரு நேர்காணலுக்கு 300 வெள்ளியாக இருந்தது 450 ஆகிறது. எண்ணிக்கையும் இருபதிலிருந்து முப்பதாகிறது. இந்தச் செலவு தேவை என்பதே என் உறுதியான கருத்து. முன்சந்திப்பு ஒன்றில், துறைமுகத்தில் மூட்டை தூக்கிய பெரியவர் ஒருவர், சாக்கில் கொக்கியை மாட்டும் விதத்தை மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிக் காட்டினார். பேச்சில் "இப்படி, இப்படி" என்பதைத் தவிர வேறு சொல் இல்லை. ஒலிப்பதிவில் அந்த வேலை பதிவாகாமலே போயிருக்கும்.

செம்பவாங் பகுதியைத் தள்ளிப்போடவும் இயலாது. 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது இருபது வயதில் இருந்தவர்களே இன்று எழுபதுகளின் நடுவில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூத்தவர்களை நாம் முதலில் சந்தித்தாக வேண்டும்.

வசனவரி புதிய செலவு, ஒரு நேர்காணலுக்கு 90 வெள்ளி. தமிழ் வாசிக்க வராத பேரப்பிள்ளைகளும் பார்க்க வேண்டும் என்று குடும்பங்களே கேட்டன.

குறைத்தவை: நூல் 500 படிகளிலிருந்து 200 ஆகிறது. படி ஒன்றின் விலை 9 வெள்ளியிலிருந்து 12 ஆக உயர்ந்தாலும் மொத்தத்தில் மிச்சமே. விழா, ஹோட்டல் அரங்குக்குப் பதிலாகச் சமூக மன்றத்தில் நடைபெறும்.

எதிர்பாராச் செலவை 5 விழுக்காடாக்கி மொத்தத்தைச் சுருக்கலாம் என்று பொருளாளர் கேட்டார். முதியவர்களின் உடல்நிலையால் படப்பிடிப்பு நாள் மாறக்கூடும். நாள் மாறினால் கட்டணம் கூடும். ஆகவே 10 விழுக்காட்டை விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இதுவரை செலவானது முன்சந்திப்புப் பயணங்களுக்கான 110 வெள்ளி மட்டுமே; அது பழைய ஒதுக்கீட்டுக்குள் அடங்கும். கூடுதல் 9,240 வெள்ளியைப் பொது நிதியிலிருந்து வழங்க ஒப்புதல் கோருகிறேன். படப்பதிவு நிறுவனத்தின் விலைப்புள்ளி ஜனவரி 30 வரைதான் செல்லும். ஜனவரி 26க்குள் முடிவு கிடைத்தால், ஏப்ரல் தமிழ்மொழி விழாவுக்கு முதல் பன்னிரண்டு காணொளிகளைத் தயாராக்கிவிடலாம். மற்றவை ஆகஸ்டுக்குள் முடியும்.