கிரிட்டீக் தொடங்கும் முன்

எல்லாருக்கும் வணக்கம். டீ எடுத்தவர்கள் அப்படியே உட்காருங்கள், லேப்டாப்பை மட்டும் மூடிவிடுங்கள்.

கண் மருத்துவமனை ஆப்பில் அடுத்த சந்திப்புக்கு நேரம் பதிவு செய்கிற மூன்று ஸ்கிரீன்களை இன்றைய கிரிட்டீக்கில் பார்த்துக் கருத்துச் சொல்லப் போகிறோம். செய்தவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர் நம் டீமுக்குப் புதியவர், கிரிட்டீக்கில் தன் வேலையைக் காட்டுவது இதுதான் முதல் தடவை. அதற்காகக் குறையை மறைத்துப் பேச வேண்டாம். அவர் நாளைக்குக் காலை உட்கார்ந்து திருத்த முடிகிற மாதிரி சொல்லுங்கள், அதுதான் நான் கேட்பது.

உதாரணமாக, "இந்தக் கலர் எடுக்கவில்லை" என்றால் அதை வைத்து அவர் என்ன செய்வார்? யாருக்கு, எந்த இடத்தில், என்ன சிரமம் என்று சொல்லுங்கள். பரிசோதனைக்காகக் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து போட்டவருக்குச் சில மணி நேரம் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத்தான் தெரியும். வெளிச்சமும் கூசும். அந்த நிலையில்தான் அவர் ரிசப்ஷனில் நின்று அடுத்த தேதியைத் தேடுகிறார். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து அவருக்குத் தெரியுமா? எல்லாராலும் பயன்படுத்த முடிகிற மாதிரி வடிவமைப்பதற்கான வழிகாட்டியான WCAG, வழக்கமான அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே கேட்கிற கான்ட்ராஸ்ட் குறைந்தது 4.5:1. அந்த அளவாவது இருக்கிறதா என்று கேளுங்கள். இப்படிச் சொன்னால் ஸ்கிரீனைச் செய்தவருக்குப் பிடி கிடைக்கும், மனமும் நோகாது.

தமிழ் எழுத்தையும் கவனியுங்கள். ஆங்கிலத்தில் பட்டனுக்குள் அடங்குகிற சொல் தமிழில் இரண்டு வரி ஆகிவிடும். வரி இடைவெளி குறைந்தால் மேல்வரி எழுத்தில் கீழே இறங்குகிற பகுதியும் கீழ்வரி எழுத்தில் மேலே ஏறுகிற பகுதியும் முட்டிக்கொள்ளும்.

"நீ ஏன் இப்படிச் செய்தாய்" என்கிற பேச்சு இங்கே வேண்டவே வேண்டாம். "இந்தப் பட்டன் ஏன் கீழே வந்தது?" என்று கேளுங்கள். பல சமயம் நமக்குத் தெரியாத காரணம் ஒன்று இருக்கும். அதனால் முதலில் கேள்வி, அப்புறம் கருத்து. நன்றாக இருப்பதையும் காரணத்தோடு சொல்லுங்கள். வெறும் "சூப்பர்" என்றால் எதைக் கலைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியாமல் போகும்.

தீர்வு மனதில் வந்தாலும் கொஞ்சம் பொறுங்கள். பிரச்சினையைச் சொல்லி நிறுத்துங்கள், வழியைக் கண்டுபிடிப்பது செய்தவரின் வேலை. எதை ஏற்பது, எதை விடுவது என்பதும் அவர் முடிவுதான். நான் கடைசியில்தான் பேசுவேன். முதலிலேயே நான் வாயைத் திறந்தால் பாதிப் பேர் அதையே வழிமொழிவீர்கள்.

காட்டுகிறவர்களுக்கு ஒன்று: ஒவ்வொன்றுக்கும் விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். புரியாவிட்டால் மட்டும் திருப்பிக் கேளுங்கள். குறிப்பெடுக்க வேறு ஆள் இருக்கிறார், நீங்கள் காது கொடுத்தால் போதும்.

ஒவ்வொரு ஸ்கிரீனுக்கும் இருபது நிமிடம். முதல் இரண்டு நிமிடம் யாரும் பேசாமல் பார்ப்போம், தோன்றுவதை ஸ்டிக்கி நோட்டில் எழுதுங்கள். சரி, முதல் ஸ்கிரீனைப் போடுங்கள். வேலை எந்த நிலையில் இருக்கிறது, எங்களிடம் எதைப் பற்றிக் கருத்து வேண்டும், இந்த இரண்டை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.