பொருள்: RX4471903826 – மார்ச் 5-க்குப் பிறகு நகர்வு தெரியாத பார்சல், பெட்டியை நேரில் தேடி, மார்ச் 14 மாலை 6 மணிக்குள் பதில் வேண்டும்

வாடிக்கையாளர் சேவைப் பிரிவுக்கும் ஹப் செயல்பாட்டுப் பொறுப்பாளருக்கும்,

வணக்கம்.

மார்ச் 3 அன்று உங்கள் கிளையில் புக் செய்த RX4471903826 பார்சல், மார்ச் 7-க்குள் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். இன்று மார்ச் 12. ட்ராக்கிங் பக்கத்தில் இருப்பவை இவ்வளவுதான்:

மார்ச் 3, மாலை 5:40 – Booked
மார்ச் 3, இரவு 9:15 – Dispatched, Bag No. BG60218
மார்ச் 5, அதிகாலை 2:10 – Bag Received at Hub

அதன்பிறகு தினமும் In Transit என்று தேதி மட்டும் மாறுகிறது. இடமோ நேரமோ இல்லை. அதைப் புது ஸ்கேனாகக் கணக்கில் எடுக்க வேண்டாம். சிஸ்டம் தானாகப் போடும் வரி அது.

கடைசியாக ஸ்கேன் ஆனது பைதான், பெட்டி அல்ல. இதைக் கவனிக்காமல்தான் C-208813 என்ற என் முந்தைய புகாருக்கு "பார்சல் ஹப்பில் உள்ளது, 48 மணி நேரம் காத்திருங்கள்" என்று எழுதி, Resolved என முடித்துவிட்டார்கள். பெட்டியின் அளவு 40 × 30 × 25 செ.மீ., எடை 4.2 கிலோ. இந்த அளவுப் பெட்டியைப் பைக்குள் திணிக்காமல் வண்டியில் தனியாக ஏற்றி, மேனிஃபெஸ்டில் மட்டும் BG60218-உடன் சேர்த்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படியென்றால் பை வந்து இறங்கியதற்கும் பெட்டி வந்ததற்கும் சம்பந்தமே இல்லை. பெட்டி கிளையிலேயே நின்றிருக்கலாம். வேறு ஊர்ச் சரக்கோடு இறங்கியிருக்கலாம். லேபிள் கிழிந்து ஹப்பில் அடையாளம் தெரியாத சரக்கோடு கிடக்கலாம்.

ஆகவே, திரையைப் பார்த்துப் பதில் சொல்லாமல் இவற்றைச் செய்யுங்கள். BG60218-இன் மேனிஃபெஸ்டையும் அந்தப் பையைப் பிரித்தபோது ஒவ்வொரு பார்சலுக்கும் விழுந்த ஸ்கேன்களையும் ஒப்பிட்டு, என் எண் அதில் உண்டா, குறைவு என்று பதிவாகியிருக்கிறதா என்று சொல்லுங்கள். இல்லையென்றால், புக் செய்த கிளையின் சரக்கு அறையைத் தேடச் சொல்லுங்கள். ஹப்பில் லேபிள் இல்லாத சரக்கு வைக்கும் இடத்தையும் பார்க்க வேண்டும். மார்ச் 5 அதிகாலை அந்த வண்டி இறக்கப்பட்ட நேரத்துக் கேமரா பதிவு அழிந்துபோகுமுன் எடுத்து வையுங்கள். பல இடங்களில் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறிவிடும்.

லேபிள் இல்லாமலே பெட்டியை அடையாளம் காணலாம். பழுப்பு அட்டைப் பெட்டி, மூடியின் இணைப்பில் அகலமான வெள்ளை டேப், நான்கு பக்கமும் நீல மார்க்கரில் மேல்நோக்கிய அம்புக்குறி. உள்ளே லேசர் பிரிண்டருக்கான ஃபியூசர் யூனிட் ஒன்று. அதன்மேல் அனுப்புநர், பெறுநர் முகவரி எழுதிய தாள் ஒட்டியிருக்கிறது. பேக் செய்தபோது எடுத்த 4 படங்களை இணைத்துள்ளேன்.

நிறுத்தி வைக்க வேறு காரணம் எதுவும் தெரியவில்லை. பேட்டரி, திரவம் எதுவும் உள்ளே இல்லை. கொள்ளளவு எடை 6 கிலோ என்று போட்டே கட்டணம் வாங்கினீர்கள், அதனால் எடை வித்தியாசம் என்ற பேச்சுக்கும் இடமில்லை. பெறுநரின் முகவரியும் கைபேசி எண்ணும் சரி என்று அவரிடமே கேட்டு உறுதி செய்தாயிற்று.

பெட்டி கிடைத்தால் புது லேபிள் ஒட்டி, அதே ட்ராக்கிங் எண்ணில் அடுத்த வண்டியிலேயே பெறுநருக்கு அனுப்புங்கள். எனக்குத் திருப்பி அனுப்ப வேண்டாம். பொருள் அங்கேதான் தேவை. பெட்டி நசுங்கியோ பிரிந்தோ இருந்தால் அனுப்புமுன் படம் எடுத்து எனக்கு அனுப்பிவிடுங்கள். ஃபியூசரின் உருளை தட்டினால் கீறிவிடும், பிறகு சேதம் எங்கே நடந்தது என்ற வாக்குவாதம் வரும்.

தேடியும் மார்ச் 17-க்குள் கிடைக்கவில்லை என்றால், பார்சல் தொலைந்தது என்று எழுத்துமூலம் உறுதிசெய்து இழப்பீட்டுப் படிவத்தை அனுப்புங்கள். புக்கிங் ரசீதும், அறிவித்த மதிப்புக்கான பொருள் பில்லும் இணைப்பில் உள்ளன. இழப்பீடு கோரும் காலக்கெடுவுக்கு இந்த மின்னஞ்சலின் தேதியையே முன்னறிவிப்புத் தேதியாகப் பதிந்துகொள்ளவும்.

புதிய புகார் எண்ணை இன்றே தெரிவியுங்கள். ட்ராக்கிங்கில் இடமும் நேரமும் உள்ள ஒரு ஸ்கேன் விழும்வரை அதை முடித்துவிட வேண்டாம். தேடியவரின் பெயரோடு பதில் வந்தால் போதும், அழைக்க வேண்டியிருந்தால் புக்கிங்கில் உள்ள என் கைபேசி எண்ணுக்குக் காலை 9 முதல் இரவு 8 வரை அழைக்கலாம்.

இப்படிக்கு,
RX4471903826 பார்சலின் அனுப்புநர்

இணைப்பு: புக்கிங் ரசீது, பொருள் பில், பெட்டியின் 4 படங்கள், ட்ராக்கிங் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், C-208813 பதில்