பிரியாவிடைப் படத்தை நீக்கித் தரும்படி ஒரு வேண்டுகோள்

பொருள்: 2017 டிசம்பர் பிரியாவிடை விருந்துப் படத்தை நீக்குவது குறித்து

ஆலையின் ஃபேஸ்புக் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் சகோதரிக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரிந்திருக்காது. 1998 முதல் 2017 வரை நம் செம்பனை எண்ணெய் ஆலையின் எடைமேடையில் கிராணியாக இருந்தேன். போன மாதம் பக்கத்தின் இன்பாக்ஸில் மலாய் மொழியில் இரண்டு முறை எழுதிக் கேட்டேன். தானாக வரும் நன்றிச் செய்திதான் பதிலாக வந்தது. பிறகு ஆபீசில் இன்னும் வேலையில் இருக்கும் பழைய தோழி ஒருவர்தான், “அதைப் பார்க்கிறது நம்ம தமிழ்ப் பொண்ணுதான்க்கா, தமிழ்லயே ஈமெயில் போடுங்க” என்று இந்த முகவரியைக் கொடுத்தார். அதனால் மனம்விட்டு எழுதுகிறேன்.

2017 டிசம்பர் 30ஆம் தேதி, ஆலை மண்டபத்தில் எனக்குப் பிரியாவிடை கொடுத்தார்கள். அன்று எடுத்த படம் உங்கள் பக்கத்தில் இருக்கிறது. பச்சைப் புடவை, மல்லிகை மாலை, கையில் நற்சேவைச் சான்றிதழ். பக்கத்தில் என் அன்றைய கணவர், என் தோளில் கை போட்டபடி. “குடும்பத்தைக் கவனிக்க மகிழ்ச்சியோடு விடைபெறுகிறார்” என்று கீழே எழுதியிருக்கிறது. அந்தப் படத்தை நீக்கித் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

நான் மகிழ்ச்சியோடு விடைபெறவில்லை. எனக்கு அந்த வேலை பிடிக்கும். வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குள் போகவேண்டும், தாமதித்தால் எண்ணெயில் அமிலம் ஏறிவிடும். அதனால் வெட்டு அதிகமாக இருக்கும் மாதங்களில் இரவு ஒன்பது பத்து மணிக்கும் லாரிகள் வரிசையாக நிற்கும். பாரத்தோடு ஒரு எடை, இறக்கிவிட்டு வெறும் லாரி ஒரு எடை, கழித்துச் சீட்டு எழுதிக் கொடுக்கவேண்டும். பத்துக் கிலோ குறைந்தாலும் சின்னத் தோட்டக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், வரவும் வேண்டும், அது அவர்கள் காசு. பத்தொன்பது வருஷத்தில் என் சீட்டு தப்பு என்று யாரும் நிரூபித்ததில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன். அந்த இரவு வேலைதான் வீட்டில் பிரச்சினையானது. வேலையை விடச் சொன்னது நான் இல்லை. அன்று வெயில் கொளுத்தியும் நான் ஏன் நீளக் கை ரவிக்கை போட்டிருந்தேன் என்பதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. ஆகவே ஆலையின் மேல் எனக்கு ஒரு குறையும் கிடையாது. அந்த வரியை எழுதியவர் நல்ல மனசோடுதான் எழுதியிருப்பார்.

2019இல் நீதிமன்றத்தில் எங்களுக்கு மணவிலக்கு ஆகிவிட்டது. இப்போது தெலுக் இந்தானில், சாய்ந்த கோபுரத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில், சின்னதாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ரவிக்கை தைக்க வருகிற பெண்கள் கடையின் பெயரைத் தேடுவதில்லை, என் பெயரைத்தான் தேடுகிறார்கள். தேடினால் முதலில் வருவது அந்தப் படம். “அக்கா, இது உங்க வீட்டுக்காரரா?” என்று அளவு கொடுத்துக்கொண்டே கேட்கிறார்கள். ஒவ்வொரு முறையும் நான் ஏதாவது ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. தீபாவளிக்கு முன்னால் ஒரே வாரத்தில் நான்கு பேர் கேட்டார்கள். அந்தக் கை இன்னும் என் தோளில்தான் இருக்கிறது, சகோதரி. நான் நீதிமன்றப் படி ஏறி இறக்கிவைத்த கை அது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சான்றிதழில் என் பெயருக்குக் கீழே ஐ.சி. எண் அச்சாகியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கினால் பன்னிரண்டு எண்ணும் தெளிவாகத் தெரிகிறது, என் மகள் கைப்பேசியில் பெரிதாக்கிக் காட்டினாள். முதல் ஆறு எண் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் என்பது உங்களுக்குத் தெரியாததா? கடந்த மார்ச்சில் நீதிமன்றத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அழைத்து, என் ஐ.சி. எண்ணை ஒன்று விடாமல் படித்தான். நான் பயந்துதான் போனேன். மகள் பக்கத்தில் இருந்ததால் போனை வைத்துவிட்டு 997க்கு அழைத்தோம், காசு எதுவும் போகவில்லை. அவன் உங்கள் பக்கத்திலிருந்துதான் எடுத்தான் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்ற நிலையில் அது கிடக்கிறது.

படம் மூன்று இடத்தில் இருப்பதாக மகள் பார்த்துச் சொன்னாள். 2017 டிசம்பர் 31 அன்று போட்ட பதிவு ஒன்று. 2022இல் பழைய ஊழியர்களின் படங்களையெல்லாம் சேர்த்து ஒரே படமாகப் போட்டீர்களே, அதில் இரண்டாவது வரிசையில் இடது கோடியில் இன்னொன்று. முதல் பதிவை அழித்தாலும் இது அழியாது, தனியாகத்தான் எடுக்கவேண்டும். மற்றவர்கள் படங்கள் அப்படியே இருக்கட்டும், என்னுடையதை மட்டும் வெட்டிவிட்டு மறுபடி போட்டால் போதும். மூன்றாவது, ஆலையின் இணையத்தளத்தில் ‘நம் குடும்பம்’ என்ற பகுதி. அங்கே பக்கத்திலிருந்து மறைத்தால் மட்டும் பற்றாது, படக் கோப்பையே அழிக்கவேண்டுமாம். இல்லாவிட்டால் அதன் நேரடி இணைப்பு வேலை செய்துகொண்டே இருக்குமாம். நீங்கள் அழித்த பிறகும் கூகுள் தேடலில் சில நாள் தெரியக்கூடும். அதைப் புதுப்பிக்கச் சொல்லி நாங்களே கூகுளிடம் கேட்டுக்கொள்கிறோம், உங்களுக்கு அந்த வேலை வேண்டாம்.

மேலிடத்தில் கேட்டால் காட்டுவதற்காக இதையும் எழுதிவிடுகிறேன். அன்று படத்துக்கு நானேதான் நின்றேன். அந்தச் சம்மதத்தை, 2010ஆம் ஆண்டு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 38ஆம் பிரிவின்படி, இந்தக் கடிதத்தின் மூலம் எழுத்துபூர்வமாகத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். மிரட்டுவதற்காக இல்லை. மேனேஜர் ‘என்ன காரணம்’ என்று கேட்டால் வீட்டு விஷயத்தை நீங்கள் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம், இந்த ஒரு பத்தியைக் காட்டினால் போதும் என்பதற்காக. மேலே எழுதிய குடும்ப விஷயம் உங்களுக்காக மட்டும் எழுதியது. தயவுசெய்து அதை வேறு யாருக்கும் அனுப்பாதீர்கள்.

என்னை ஆலையின் நினைவிலிருந்தே எடுத்துவிடச் சொல்லவில்லை. அதே நாள் மத்தியானம், எடைமேடைப் படியில், உதிரிப்பழம் பொறுக்கும் அக்காமார் ஆறு பேரோடு ஒரு லாரி ஓட்டுநர் எடுத்துக் கொடுத்த படம் என்னிடம் இருக்கிறது. எல்லார் காலிலும் பூட்ஸ், எல்லார் கையிலும் பலகாரம். நான் வாய்விட்டுச் சிரிக்கிற படம் அது. இணைத்திருக்கிறேன். பழைய ஊழியர் பகுதியில் எனக்கு ஓர் இடம் வேண்டுமென்று நினைத்தால் அதைப் போடுங்கள். அந்த ஆறு பேரில் நான்கு பேர் சரி என்று சொல்லிவிட்டார்கள். ஒருவர் தவறிவிட்டார், அவர் மகனிடம் கேட்டுச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். இன்னும் ஒருவர் மகளோடு ஜொகூருக்குப் போய்விட்டார், அவரிடம் கேட்டு வாரக் கடைசிக்குள் சொல்கிறேன். அதுவரை போடவேண்டாம்.

கீழே எழுதுவதாக இருந்தால் இப்படி எழுதுங்கள்: “எடைமேடைக் கிராணி, 1998–2017.”

படங்களை எடுத்ததும் இந்த ஈமெயிலுக்கே ஒரு வரி பதில் போட்டால் நிம்மதியாக இருக்கும். போனில் கூப்பிடுவதாக இருந்தால் மாலை ஆறு மணிக்குப் பிறகு கூப்பிடுங்கள். அதுவரை கடையில் ஆள் இருப்பார்கள், பேச முடியாது.

அன்புடன்,
சரஸ்வதி
தெலுக் இந்தான்

இணைப்பு: எடைமேடைப் படம் (1)