பாயில் உட்கார்ந்தவர்கள்

காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவர் ஆவணப்படம், குரல் ஸ்கிரிப்ட் (மூன்றாவது திருத்தம்)

குரல் கொடுப்பவருக்கு: செய்தி வாசிக்கிற தொனி வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரரிடம் பேசுகிற மாதிரி போதும். நேர்காணல் பகுதிகளில் எழுத்தை மாற்றாதீர்கள், அவர்கள் பேசியது அப்படியேதான் வரும்.

[பழைய படம் 1: கறுப்பு வெள்ளை. கல்யாண வீட்டு முற்றம்.]

குரல்: நடுவில் மாப்பிள்ளை. வலப்பக்கம் மாமன்மார்கள். முன்வரிசையில் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஒரு பொடியன், அவனுக்கே இப்போது பேரன் பேத்தி எடுத்தாச்சு. எல்லாரும் ஒரே பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

[கேமரா படத்தின் கீழ் ஓரத்துக்கு இறங்குகிறது.]

குரல்: ஓரத்தில் எழுத்து தெரிகிறதா? மணமக்கள் பெயரும் கல்யாணத் தேதியும் பாயோடு சேர்த்தே நெய்தது. படத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் அந்த வீட்டுக்காரர்கள் பெயர் சொல்லி அடையாளம் காட்டினார்கள். பாயை நெய்தது யார் என்று கேட்டபோது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

[எழுத்துத் திரை: பத்தமடை, திருநெல்வேலி மாவட்டம்]

குரல்: திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகிற வழியில், சேரன்மகாதேவி பக்கத்தில் இருக்கிறது பத்தமடை. சுவாமி சிவானந்தர் பிறந்த ஊர் என்று சிலருக்குத் தெரியும், மற்றவர்களுக்குப் பாய். தலைமுறைகளாக இங்கே லெப்பை முஸ்லிம் குடும்பங்கள் இந்த நெசவைச் செய்துவருகின்றன. தறியில் பெரும்பாலும் பெண்கள்.

[ஆற்றங்கரை. கோரைக் கட்டுகள். கைகள் நெருக்கத்தில்.]

குரல்: தாமிரபரணிக் கரையில் வளர்கிற கோரையை முற்றவிடாமல் பச்சையாகவே அறுக்க வேண்டும். அறுத்ததை வெயிலில் காயவைத்து, கத்தியால் நெடுக்காகக் கீறி, உள்ளே இருக்கிற சோற்றை எடுத்துவிடுகிறார்கள். அப்புறம் கட்டாகக் கட்டி, ஓடுகிற தண்ணீரில் சில நாள் ஊறப்போட வேண்டும், தேங்கின தண்ணீர் ஆகாது. ஊறி உப்பினதை மறுபடி காயவைத்து மறுபடி கீறினால்தான் பட்டுப்பாய் என்று சொல்கிற மெல்லிய கோரைப்பாய்க்கு ஆகிற மெலிசு வரும். ஆற்றில் தண்ணீர் ஓடவில்லை என்றால் இந்த வேலை அங்கேயே நின்றுவிடும் என்பதை இந்த ஊரில் யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆற்றைப் பார்த்தாலே தெரியும்.

[தரைத்தறி. ஒரு பெண்மணி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறார். பின்னணி இசை வேண்டாம், அச்சு அடிக்கிற சத்தம் மட்டும்.]

குரல்: நாடா இல்லை, மிதி இல்லை. தரையோடு தரையாகப் பருத்தி நூல் பாவு. நனைத்த கோரையை ஊசி மாதிரி நீளமான ஒரு குச்சியில் கோத்து, பாவுக்குள் விட்டு, மறுபக்கம் இழுத்து, அச்சால் ஒரு தட்டு. அடுத்தது. 100, 120, 140 கவுன்ட் என்று எண் ஏற ஏற பாய் துணியாகிவிடும். 140 கவுன்ட் பாயைத் தீப்பெட்டிக்குள் மடக்கிவைக்கலாம் என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். பாயின் விலையைக் கேட்டபிறகு அதை மடக்கிப் பார்க்க எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

[நேர்காணல்: மூத்த நெசவாளர். எழுத்தில் பெயர் வேண்டாம், அவர் கேட்டுக்கொண்டது.]

"எங்க உம்மா பக்கத்துல உக்கார வச்சுத்தான் படிச்சேன். மொதல்ல கோரை எடுத்துக் குடுக்கிற வேலைதான். தப்பான கோரைய எடுத்தா கையில ஒரு தட்டு விழும். கண்ண மூடிட்டுத் தொட்டாலே இது தேறும், இது தேறாதுன்னு சொல்லிருவேன். அது இருக்கட்டும், நீங்க சாப்ட்டீங்களா? அந்தத் தம்பி வந்ததுலருந்து அந்தப் பெட்டியவே தூக்கிட்டு நிக்குதே."

[படம் கறுப்பாகிறது. ஐந்து விநாடி. படம் எதுவும் போட வேண்டாம்.]

குரல்: இங்கே ஒரு புகைப்படம் வந்திருக்க வேண்டும். 1953ல் இரண்டாம் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டுக்கு இந்த ஊர்ப் பாய் போனது. பத்தமடையில் யாரைப் பார்த்தாலும் இரண்டாவது வாக்கியத்தில் இது வந்துவிடும், கடைப் பலகைகளிலும் இருக்கிறது. நாங்கள் தேடியது அந்தப் பாயை நெய்துகொண்டிருக்கிறவர்களின் படம். நாங்கள் கேட்ட வீடுகளின் ஆல்பங்களில் அது கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஸ்டுடியோவுக்குப் போவது கல்யாணத்துக்கும் பயணத்துக்கும்தான், வேலை செய்யும்போது யார் படம் எடுத்தார்கள்?

[பழைய படம் 2: வண்ணம் மங்கிய சின்னப் படம். திண்ணையில் ஒரு குழந்தை. பின்னால், பாதி வெட்டுப்பட்டு, தறியும் ஒரு கையும்.]

குரல்: எங்களுக்குக் கிடைத்தது இது ஒன்று. எடுத்தவர் குழந்தையை எடுத்திருக்கிறார். கை தற்செயலாக விழுந்துவிட்டது.

[நேர்காணல்: அதே நெசவாளர். முற்றத்தில்.]

"அது எங்க மாமியோட கை. வளையல பாத்தாலே தெரியுதே."

[தெரு. வாசலில் முறத்தோடு பீடி சுற்றும் பெண்கள். முகம் காட்ட வேண்டாம்.]

குரல்: அழிகிற கலை என்று சொன்னால் உடனே இளைஞர்களுக்கு ஆர்வமில்லை என்பார்கள். அந்தப் பேச்சு எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. இந்தப் பகுதியில் பெண்கள் வீட்டிலிருந்தபடியே செய்ய இன்னொரு வேலை இருக்கிறது, பீடி. அதில் எண்ணிக்கைக்குக் காசு, வாரச் சம்பளம், கணக்கில் இருப்பவர்களுக்கு பி.எஃப். பட்டுப்பாய் ஒன்றை முடிக்க ஒரு மாதத்துக்கு மேல்கூட ஆகலாம், முடித்தபிறகு வாங்க ஆள் வர வேண்டும். மளிகைக் கடைக்காரர் அதுவரை காத்திருப்பாரா?

[நேர்காணல்: நெசவாளரின் மகள், முப்பதுகளில்.]

"எனக்கும் நெய்யத் தெரியும். உம்மாவுக்கு மூட்டு வலி வந்தப்ப பாதிப் பாய் நான்தான் முடிச்சுக் குடுத்தேன். ஆனா இதயே தொழிலா எடுக்கச் சொன்னா மாட்டேன். எங்க உம்மாவே விடாது. எக்சிபிஷனுக்கு வர்றவங்க பாயத் தடவிப் பாத்துட்டு 'அடடா, என்ன அருமை'ம்பாங்க. வெலயச் சொன்னதும், 'கோரப் புல்லுதானம்மா'ம்பாங்க."

[பாய்க் கடை. பிளாஸ்டிக் பாய்கள் சுருட்டி நிறுத்தியிருக்கின்றன.]

குரல்: பிளாஸ்டிக் பாய் வந்தது ஒரு அடி. எங்களைக் கேட்டால் அதைவிடப் பெரிய அடி, இயந்திரத்தில் நெய்த கோரைப்பாய் இதே பெயரில் விற்கப்படுவது. பத்தமடைப் பாய்க்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஆனால் வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாதவரை அந்தச் சான்றிதழால் தறிக்காரருக்கு என்ன வந்தது?

[நேர்காணல்: பாய் வியாபாரி.]

"ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. மெஷின் பாயில கோரை முழுசா, தடிமனா இருக்கும். மடக்கினா முறியும். கைப்பாய்ல கோரை நூல் மாதிரி இருக்கும், துணி மாதிரி விழும். நான் சொல்லித்தான் விக்கேன். எல்லாரும் சொல்லி விப்பாங்கன்னு என்னால சொல்ல முடியாது."

[தறி. நெசவாளரின் கைகள், பிறகு முதல் முறையாக முகம், நேராகக் கேமராவைப் பார்த்து.]

குரல் (படப்பிடிப்பில் கேட்ட கேள்வி): பெரியம்மா, நீங்க நெய்த பாய்ல உங்க பேர எப்பவாவது போட்டிருக்கீங்களா?

"என் பேரா? (சிரிப்பு) காசு குடுக்கிறவங்க பேரத்தானம்மா போட முடியும். என் பேரப் போட்டா எவன் வாங்குவான்? நீ வாங்குதியா? வாங்குதேன்னு சொல்லு, போட்டுத் தாரேன். அட்வான்ஸ் குடுத்துட்டுப் போ."

[நிறைவு எழுத்துகள், இசையில்லாமல்:]

இந்தப் படத்தில் வரும் பழைய புகைப்படங்கள் குடும்பங்களின் அனுமதியோடு வீட்டிலேயே ஸ்கேன் செய்யப்பட்டுத் திருப்பித் தரப்பட்டன.

நெசவாளர்களின் ஒரு நாள் வேலை படப்பிடிப்பால் கெட்டது. அதற்கான கூலி படத்தின் செலவுக் கணக்கிலிருந்து கொடுக்கப்பட்டது.

அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. பாய் தறியில் இருக்கிறது.