கங்கா தலாவ் நடை: காலணி, காலுறை ஏற்பாடு

மகா சிவராத்திரிக்காகக் குட்லண்ட்ஸிலிருந்து கங்கா தலாவ் ஏரிக்கு நடக்கும் நம் குழுவின் 22 பேருக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும். நடை மூன்று நாள்.

புதுக் காலணி வேண்டவே வேண்டாம். குறைந்தது மூன்று வாரம் போட்டுப் பழகியதையே அணியுங்கள். நடக்க நடக்கப் பாதம் வீங்கும். ஆகவே பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.

பருத்திக் காலுறை வியர்வையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்; ஈரத்தோல் உரசினால் கொப்புளம்தான். கம்பளி அல்லது செயற்கை இழைக் காலுறை நான்கு ஜோடி எடுத்துவாருங்கள். நண்பகலில் ஒரு ஜோடி மாற்றுங்கள். கழற்றியதைப் பையின் வெளியே ஊக்கு குத்திக் காயவிடுங்கள். கோயிலில் கால் கழுவியபின் விரலிடுக்கு வரை துடைக்காமல் காலுறை போடாதீர்கள்.

குதிகாலில் சுருக்கென்று சூடு தெரிந்தால் அந்த இடத்திலேயே உட்காருங்கள். "அடுத்த ஊரில் பார்க்கலாம்" என்று நடந்தவர்கள்தான் போன வருடம் வேனில் ஏறினார்கள். உலர்த்தி, பிளாஸ்திரியைச் சுருக்கமின்றி ஒட்டுங்கள். கொப்புளம் வந்துவிட்டால் தோலை உரிக்காதீர்கள்.

வெயிலில் தார்ச்சாலை பாதத்தைச் சுட்டுவிடும். எனவே அதிகாலை 4 மணிக்குப் புறப்பாடு. 11 முதல் 3 வரை நிழலில் ஓய்வு. வெறுங்காலில் நடக்கும் நேர்த்திக்கடன் உள்ளவர்கள் விடியலில் மட்டும் அப்படி நடக்கலாம். சர்க்கரை நோயாளிகள் அதையும் தவிர்க்க வேண்டும்: உணர்வு மரத்த பாதத்துக்குச் சூடு தெரியாது. அவர்கள் பாதத்தை ஒவ்வோர் இரவும் இன்னொருவர் விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பார்.

கடைசி நாள் மேட்டில் மழை வரலாம். உலர்ந்த ஒரு ஜோடியை பிளாஸ்டிக் பையில் கட்டி அதற்கென்றே வையுங்கள்.